சின்ன ஃபேக்டரிக்கு நெட் மீட்டரிங்: கோப்பு திரும்பி வராமல், ஞாயிற்றுக்கிழமை டிரிப் ஆகாமல்

கூரை சோலார் மின்சாரத்தில் மீந்ததை மின்துறைக்கு அனுப்பி, அதைப் பில்லில் கழித்துக்கொள்வதுதான் நெட் மீட்டரிங். அதற்காக மின்துறையிடம் கொடுக்க நான் கட்டிய முதல் கோப்பு மூன்று தடவை திரும்பி வந்தது. கடைசித் தடவை எழுதியிருந்த காரணம் ஒரே வரி: "வரைபடத்தில் பிரேக்கர் 125 ஆம்பியர், செட்டிங் தாளில் 100 ஆம்பியர், எது சரி?" இரண்டுமே சரிதான். பிரேக்கரின் அளவு 125, அதில் ஓவர்லோடைத் திருகி வைத்திருந்தது 100. ஆனால் அதை நான் எங்கேயும் எழுதவில்லை. சோதிக்கும் இன்ஜினியருக்கு என் மனதில் இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அதற்கப்புறம்தான் ஒன்று புரிந்தது. கோப்பில் எத்தனை தாள் இருக்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை. ஒரே எண் வரைபடத்திலும் டேட்டாஷீட்டிலும் கணக்கிலும் செட்டிங் தாளிலும் ஒரே மாதிரி வருகிறதா, அது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இதில் அதிகம் சொதப்புவது பாதுகாப்பு எண்கள்தான், அதனால் அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

உதாரணத்துக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் (கோவைப் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை) ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையை எடுத்துக்கொள்வோம். எல்.டி. மூன்று ஃபேஸ் இணைப்பு, அனுமதிக்கப்பட்ட லோடு 60 கிலோவாட், தகரக் கூரை, ஒரு டீசல் ஜெனரேட்டர், ஞாயிறு விடுமுறை. புதுச்சேரிக்கு, கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையமான ஜெ.இ.ஆர்.சி.யின் 2019 நெட் மீட்டரிங் விதிமுறை இருக்கிறது. அதோடு மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளும், மத்திய மின் ஆணையத்தின் 2013 இணைப்புத் தொழில்நுட்ப விதிமுறையும், அதன் 2019 திருத்தமும் பொருந்தும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே 2021 விதிகளின்படி நெட் மீட்டரிங் வீடுகளுக்குத்தான், ஃபேக்டரிக்கு நெட் ஃபீட்-இன் முறை. பணக் கணக்கு மாறும், ஆனால் கீழே சொல்லும் தொழில்நுட்பக் கோப்பு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

முதலில் பில், பிறகுதான் பேனல்

மின்கட்டண ரசீதை எடுத்து மேசையில் வையுங்கள். பெயர், இணைப்பு எண், கட்டணப் பிரிவு, லோடு, இந்த நான்கும்தான் கோப்பின் ஒவ்வொரு தாளிலும் வரப் போகிறது. ரசீது பழைய முதலாளி பெயரிலேயோ, காலமான அப்பா பெயரிலேயோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்துவிட்டு வாருங்கள். இதை விட்டுவிட்டு நாற்பது பக்கம் தயார் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அளவை லோடுக்குள் வையுங்கள். நுகர்வோர் உரிமை விதிகளின் 2021 திருத்தப்படி நெட் மீட்டரிங் 500 கிலோவாட் அல்லது அனுமதிக்கப்பட்ட லோடு, இரண்டில் எது குறைவோ அதுவரை. நம் பட்டறைக்கு 60. இதை சிலர் இன்வெர்ட்டர் அளவால் பார்ப்பார்கள், சிலர் பேனல்களின் கூட்டுத்தொகையால் பார்ப்பார்கள், அதனால் எப்படிப் பார்த்தாலும் 60ஐத் தாண்டாதபடி வைத்துவிட்டால் அந்த வாதமே வராது. 545 வாட் பேனல் 108 என்றால் 58.86 கிலோவாட், இன்வெர்ட்டர் 50 கிலோவாட். இரண்டும் உள்ளே வந்துவிட்டது.

10 கிலோவாட்டுக்கு மேலே போவதால் மின்துறை சாத்தியக்கூறு ஆய்வு செய்யும். 2024 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 15 நாள் அவகாசம். இந்த நாள் கணக்கு முழுமையான விண்ணப்பத்திலிருந்துதான் ஓடும், குறையுள்ள கோப்பு திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. மின் ஆய்வாளரின் அனுமதி வேண்டுமா, சுயசான்று போதுமா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எந்த அளவுக்கு மேல் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஒற்றைக்கோட்டு வரைபடம்

கோப்பின் முதுகெலும்பு இந்த ஒரு தாள்தான், எஸ்.எல்.டி. என்பார்கள். பேனலிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை ஒரே கோட்டில் போக வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன பொருள், என்ன அளவு, என்ன செட்டிங். கேபிள் என்றால் செம்பா அலுமினியமா, எத்தனை சதுர மில்லிமீட்டர், எத்தனை மீட்டர்.

டி.சி. பக்கத்தை நான் வேகமாகத்தான் கடப்பேன், ஆனால் ஒரு கணக்கை மட்டும் தவறாமல் எழுதுவேன். பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 49.6, அது 25 டிகிரியில். குளிர்ந்தால் ஏறும். புதுச்சேரியில் மார்கழி விடியலுக்கு 15 டிகிரி என்று பத்திரமாக வைத்துக்கொண்டால், டிகிரிக்கு 0.28 சதவீதம் வீதம் பேனலுக்கு 51 வோல்ட் வரும். ஒரு வரிசைக்கு 20 பேனல் போட்டால் 1,020 வோல்ட். இன்வெர்ட்டர் 1,100 வரை தாங்கும் என்று சந்தோஷமாக இருப்போம், ஆனால் டி.சி. பெட்டியில் வாங்கிப் போட்ட ஐசொலேட்டர் 1,000 வோல்ட்டுக்கானதாக இருக்கும். 18 போட்டால் 918 தான். அதனால் 18 பேனல் வீதம் ஆறு வரிசை, இன்வெர்ட்டரின் ஒரு எம்.பி.பி.டி. உள்ளீட்டுக்கு இரண்டு வரிசை. இரண்டே வரிசை இணையாக இருப்பதால் வரிசை ஃபியூஸ் கட்டாயம் இல்லை.

ஏ.சி. பக்கத்தில் இன்வெர்ட்டரின் அதிகபட்ச ஆம்பியர் 80. அதை 1.25ஆல் பெருக்கினால் 100. பெட்டி கூரைக்குப் பக்கத்தில் வெயிலில் கொதிக்கும் என்பதால் 125 ஆம்பியர் நான்கு போல் எம்.சி.சி.பி. பிரேக்கர் எடுத்து ஓவர்லோடை 100ல் வைக்கிறோம். எஸ்.எல்.டி.யில் "125 ஆம்பியர், ஓவர்லோடு செட்டிங் 100 ஆம்பியர்" என்று முழுசாக எழுதுங்கள். என்னை மூன்று தடவை அலையவைத்த வரி இதுதான்.

அடுத்தது ஐசொலேட்டர். 2013 விதிமுறை கேட்பது கையால் திறக்கக்கூடிய, துண்டிப்பு கண்ணுக்குத் தெரியக்கூடிய, திறந்த நிலையில் பூட்டுப் போடக்கூடிய ஒரு சுவிட்ச். மின்துறை ஆட்கள் 24 மணி நேரமும் சுலபமாக வந்து தொடும் இடத்தில் அது இருக்க வேண்டும். எம்.சி.சி.பி.யின் கைப்பிடி கீழே இறங்கியிருப்பதைக் காட்டி "இதுதான் ஐசொலேட்டர்" என்றால் ஏற்க மாட்டார்கள். கம்பத்தில் ஏறப்போகும் லைன்மேனுக்குத் தன் கண்ணால் இடைவெளி தெரிய வேண்டும், அதில் அவருடைய பூட்டு தொங்க வேண்டும். இதைக் கூரையிலோ பூட்டிய ஸ்டோர் ரூமிலோ வைக்காமல் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், இட வரைபடத்திலும் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

ஜெனரேட்டரை மறைக்காதீர்கள்

பாதிப் பேர் எஸ்.எல்.டி.யில் ஜெனரேட்டரைப் போடுவதே இல்லை, "சோலார் கோப்புக்கு அது எதற்கு" என்று. சோதனைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பதே வாசலில் நிற்கும் அந்தப் பெட்டியைத்தான்.

சோலாரை சேஞ்சோவர் சுவிட்சுக்கு முன்னால், அதாவது மின்துறை பக்கத்தில் இணைத்தால் கதை எளிது. கரன்ட் போனால் சோலாரும் நிற்கும், ஜெனரேட்டர் தனியாக ஓடும். சேஞ்சோவருக்குப் பின்னால், லோடு பக்கத்தில் இணைத்தால் ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் அதையே கிரிட் என்று நினைத்துச் சேர்ந்துகொள்ளும். பட்டறையில் லோடு குறைந்த நிமிடத்தில் சோலாரின் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போகும். அது இன்ஜினுக்கு நல்லதில்லை.

இதில் நான் நேரில் பார்த்தது ஒன்று. ஒரு பட்டறையில் டீசல் செலவைக் குறைக்கலாம் என்று சோலாரை லோடு பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். ஜெனரேட்டர் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வரை ஓடியது, அது சகஜம்தான், லோடு ஏறினால் 50க்கு இறங்கும். இன்வெர்ட்டர் 50.5க்கு மேல் சேரவே மறுத்தது. மாட்டிய பையன் என்ன செய்தான், இன்வெர்ட்டருக்குள் போய் மேல் வரம்பை 52.5 ஆக்கிவிட்டான். ஜெனரேட்டரோடு ஜம்மென்று ஓடியது, முதலாளிக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து மீட்டர் சோதனைக்கு வந்தவர் திரையைத் திறந்து பார்த்தார், அங்கேயே ஐசொலேட்டரைத் திறந்து பூட்டுப் போட்டார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் நாங்கள் கிரிட்டோடு ஓடியிருக்கிறோம் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அதனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு என் சிபாரிசு: மின்துறை பக்கத்திலேயே இணையுங்கள். லோடு பக்கத்தில்தான் வேண்டும் என்றால் சேஞ்சோவரின் துணைத் தொடர்பு ஒன்றை எடுத்து, ஜெனரேட்டர் நிலைக்குப் போனதும் சோலாரின் கான்டாக்டர் திறக்கும்படி செய்து, அந்த இன்டர்லாக்கை எஸ்.எல்.டி.யில் புள்ளிக்கோடாக வரையுங்கள்.

பாதுகாப்பு எண்கள் எதற்கு

ஃபேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: ஷார்ட் ஆனால் பிரேக்கர் விழும், ஃபியூஸ் போகும், பாதுகாப்பு என்றால் அதுதான். இன்வெர்ட்டருக்கு அது பொருந்தாது. வெளியே லைனில் ஷார்ட் ஆனாலும் இன்வெர்ட்டர் தன் வழக்கமான ஆம்பியரைவிடக் கொஞ்சம்தான் அதிகமாகக் கொடுக்கும், மோட்டார் மாதிரியோ டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியோ பல மடங்கு கொடுக்காது. அந்தக் கொஞ்சத்துக்கு எந்த பிரேக்கரும் விழாது. அதனால்தான் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கிறோம்.

2013 விதிமுறை சொல்லும் எல்லைகள் இவை. வோல்டேஜ் 110 சதவீதத்துக்கு மேலே போனாலோ 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 2 வினாடிக்குள் விலக வேண்டும். ஃப்ரீக்வென்சி 50.5க்கு மேல் அல்லது 47.5க்குக் கீழ் என்றால் 0.2 வினாடிக்குள். கிரிட் போய் நாம் மட்டும் தனித்தீவாக ஓடும் நிலை வந்தால் 2 வினாடிக்குள் நிற்க வேண்டும். திரும்பச் சேருவதற்கு வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் எல்லைக்குள் வந்து குறைந்தது 60 வினாடி நிலையாக இருக்க வேண்டும். மின்துறை இதைவிடக் குறுகலான எல்லை கேட்கலாம், அந்த உரிமை அவர்களுக்கு விதியிலேயே இருக்கிறது.

நம் பட்டறைக்கான செட்டிங் தாள் இப்படி இருக்கும். இன்வெர்ட்டருக்கு உள்ளே ஒரு அடுக்கு, எல்.டி. பேனலில் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் பார்க்கும் தனி ரிலே ஒரு அடுக்கு. ரிலே திறப்பது ஒரு கான்டாக்டரை:

```
அடிப்படை: 230 வோல்ட், ஃபேஸ்-நியூட்ரல்
                      இன்வெர்ட்டர்         ரிலே
அதிக வோல்டேஜ்         253 வோ, 1.0 வி      253 வோ, 1.7 வி
குறை வோல்டேஜ்         184 வோ, 1.0 வி      184 வோ, 1.7 வி
அதிக ஃப்ரீக்வென்சி     50.5 ஹெ, 0.1 வி     50.5 ஹெ, 0.1 வி
குறை ஃப்ரீக்வென்சி     47.5 ஹெ, 0.1 வி     47.5 ஹெ, 0.1 வி
மீண்டும் சேர           60 வி               60 வி
```

இந்தத் தாளில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்று.

முதலாவது அடிப்படை வோல்டேஜ். 110 சதவீதம் என்றால் எதில் 110 சதவீதம்? 230ல் என்றால் 253, 240ல் என்றால் 264. பதினோரு வோல்ட் வித்தியாசம். நம் ஊரில் பழைய ஆட்கள் இன்னும் 240, 415 என்றுதான் பேசுவார்கள், பேனலில் எழுதியிருப்பதும் அப்படித்தான். இன்வெர்ட்டருக்குள் இந்தியாவுக்கான கிரிட் கோடைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் 230ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்கும். ரிலேயை மாட்டுகிறவர் 240 என்று வைத்துவிடுவார், இரண்டுக்கும் பொருத்தமே இருக்காது. அதனால் சதவீதத்தை மட்டும் எழுதாமல் வோல்ட்டில் எழுதுங்கள், தாளின் தலைப்பிலேயே அடிப்படை எது என்று போடுங்கள். மின்துறை 240 என்று சொன்னால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு அடுக்கிலும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது, நேரம். விதி சொல்வது ரிலேயின் டைமரை இல்லை, மொத்தமாக விலகும் நேரத்தை. ரிலே கண்டுபிடித்து, காத்திருந்து, அப்புறம் கான்டாக்டரின் காயில் விட்டு, தொடர்பு பிரிந்து முடியும் வரை. கான்டாக்டர் பிரியவே சில பத்து மில்லி வினாடி ஆகும். ரிலேயில் ஃப்ரீக்வென்சிக்கு 0.2 என்று வைத்தால் தாளில் விதிப்படி அச்சு அசலாக இருக்கும், நிஜத்தில் விதியை மீறியிருப்பீர்கள். அதனால்தான் 0.1. வோல்டேஜில் 2 வினாடி இருப்பதால் இன்வெர்ட்டர் முதலில் விலகட்டும், அது தவறினால் ரிலே என்று 1.0க்கும் 1.7க்கும் இடைவெளி கொடுக்க முடிகிறது. ஃப்ரீக்வென்சியில் அந்த இடமே இல்லை, யார் முதலில் விலகினாலும் சரி.

மூன்றாவது, ரிலே எதை அளக்கிறது என்பது. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே அளக்கும் ரிலேயை மாட்டினால் நியூட்ரல் அறுந்தது அதற்குத் தெரியாது. நியூட்ரல் போனால் ஒரு ஃபேஸ் 300க்கு ஏறும், இன்னொன்று 150க்கு இறங்கும், ஆனால் ஃபேஸ்களுக்கு இடையே அதே 400 தான் காட்டும். எல்.டி. லைனில் நியூட்ரல் அறுவது அபூர்வமான சம்பவம் ஒன்றும் இல்லை. நான்கு கம்பி ரிலே வாங்குங்கள், மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃப்ரீக்வென்சி மாறும் வேகத்தைப் பார்க்கும் ஆர்.ஓ.சி.ஓ.எஃப். வசதியும் ரிலேயில் இருக்கும். மின்துறை கேட்காவிட்டால் அதை அணைத்துவிட்டு, "அணைக்கப்பட்டுள்ளது" என்று தாளிலும் எழுதிவிடுங்கள். பக்கத்துப் பட்டறையில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் சோலார் விழுந்தால் யாருக்கும் லாபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இதுதான் கோப்பில் பலர் போடாத தாள், போட்டால் இன்ஜினியர் மரியாதையாகப் பார்க்கும் தாளும் இதுதான்.

வாரநாளில் சோலார் கொடுப்பதைப் பட்டறையே தின்றுவிடும். ஞாயிறு மதியம் மோல்டிங் மெஷின் எல்லாம் நிற்கும், 50 கிலோவாட்டும் வெளியே போக வேண்டும். வெளியே தள்ள இன்வெர்ட்டர் கிரிட்டைவிடக் கொஞ்சம் உயர்ந்த வோல்டேஜில் இருந்தாக வேண்டும், கேபிளின் தடை எவ்வளவோ அவ்வளவு உயர்வு. அந்த உயர்வு 253ஐத் தொட்டால் நாம் வைத்த பாதுகாப்பே நம்மை நிறுத்திவிடும்.

ஞாயிறு மதியம் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் ஃபேஸ் வோல்டேஜ் 245 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தொழிற்பேட்டையே மூடியிருக்கும், அதனால் அவ்வளவு ஏறுவது சகஜம். இன்வெர்ட்டர் முனையில் அது 253 பக்கம் ஏறியிருக்கும், அந்த வோல்டேஜில் 50 கிலோவாட் என்றால் ஃபேஸுக்குச் சுமார் 66 ஆம்பியர். மூன்று ஃபேஸும் சமமாக இருப்பதால் நியூட்ரலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நம் எல்.டி. பேனல் வரை 150 மீட்டர், 70 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள். அங்கிருந்து கூரை இன்வெர்ட்டர் வரை 45 மீட்டர், ஆம்பியருக்குத் தாங்கும் என்று 35 சதுர மில்லிமீட்டர் போட்டிருக்கிறோம். சூடான கேபிளின் தடை கிலோமீட்டருக்கு முறையே 0.53 ஓம், 1.04 ஓம்.

```
உயர்வு = ஆம்பியர் × தடை × நீளம்
லைன்:   66 × 0.53 × 0.150 = 5.2 வோல்ட்
கூரை:   66 × 1.04 × 0.045 = 3.1 வோல்ட்
இன்வெர்ட்டர் முனையில்: 245 + 5.2 + 3.1 = 253.3
```

விழுந்தது. கேபிள் 66 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கும், சூடாகாது, எந்த அட்டவணையைப் பார்த்தாலும் சரியான கேபிள்தான், ஆனாலும் ஞாயிறு மதியம் சோலார் நிற்கும். கூரைக் கேபிளையும் 70 ஆக்கினால் அந்தப் பகுதியின் உயர்வு 1.6 ஆகக் குறையும், மொத்தம் 251.8, தப்பித்தோம். 45 மீட்டருக்கு அந்தக் கூடுதல் செலவு, பிறகு ஞாயிறுதோறும் இழக்கும் யூனிட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் எளிது. ரிலேயின் பதிவில் எதுவும் இருக்காது, ஏனென்றால் ரிலே எல்.டி. பேனலில் இருக்கிறது, அதற்குத் தெரிவது 250 மட்டும்தான். இன்வெர்ட்டரின் நிகழ்வுப் பட்டியலில் மட்டும் பதினொன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே அதிக வோல்டேஜ் என்று வரிசையாக இருக்கும், விடுமுறை நாட்களில் மட்டும். அப்போது மாட்டியவரைக் கூப்பிட்டால் "253ஐ 270 ஆக்கிவிடுகிறேன் சார், ஐந்து நிமிஷம்" என்பார். வேண்டாம். அது விதிக்கு வெளியே, அதோடு கூரையில் 260 இருந்தால் அதன் பெரும்பகுதி உங்கள் பேனலிலும் இருக்கும், உள்ளே எரியும் டியூப்லைட்டும் கம்ப்யூட்டரும் உங்களுடையதுதான். கேபிளைப் பெரிதாக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரே 250ல் உட்கார்ந்திருந்தால் கேபிள் எதுவும் செய்யாது. ஞாயிறு மதிய ரீடிங்குகளை எழுதிக் கொடுத்து, வோல்டேஜ் இறங்கும்படி டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை மாற்றச் சொல்லி மின்துறையிடம் கேளுங்கள். அதனால்தான் கோப்பு கட்டுவதற்கு முன்பே ஒரு ஞாயிறு மதியம் மல்டிமீட்டரோடு போய் மூன்று ஃபேஸையும் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மற்ற தாள்கள்

பேனல் மாடல் எண், மத்திய அரசு அங்கீகரித்த மாடல்களின் ஏ.எல்.எம்.எம். பட்டியலில் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி இருக்க வேண்டும், கடைசியில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு மாடல்தான். இன்வெர்ட்டருக்கு ஐ.எஸ். 16221, தனித்தீவுத் தடுப்புக்கு ஐ.எஸ். 16169 சோதனைச் சான்று வையுங்கள், சான்றில் இருக்கும் மாடலும் எஸ்.எல்.டி.யில் இருக்கும் மாடலும் ஒன்றா என்று விரல் வைத்துப் பாருங்கள். கூரைக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்று. புதுச்சேரிக்கு ஐ.எஸ். 875ன்படி அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

மீட்டருக்கு ஆம்பியரைக் குறைத்துக் கொடுக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது சி.டி., 100/5, அதன் திசை அம்புக்குறியை எஸ்.எல்.டி.யிலேயே போடுங்கள். ஒரு சி.டி. திரும்பி மாட்டப்பட்டால் வெளியே அனுப்பும் யூனிட்டில் அந்த ஃபேஸ் கழிந்துவிடும், பில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

பவர் ஃபேக்டரையும் ஒரு நிமிடம் பாருங்கள். பட்டறை 40 கிலோவாட்டும், மோட்டார்களின் காந்தப்புலத்துக்கான ரியாக்டிவ் பவர் 20 கே.வி.ஏ.ஆரும் இழுக்கிறது என்றால் இப்போது பவர் ஃபேக்டர் 0.89. சோலார் 32 கிலோவாட் கொடுத்தால் கிரிட்டிலிருந்து வருவது 8 கிலோவாட், ஆனால் அந்த 20 கே.வி.ஏ.ஆர். அப்படியே வரும், பவர் ஃபேக்டர் 0.37க்கு விழும். மெஷின் எதுவும் கெடவில்லை, சோலாரும் கெடவில்லை, கணக்குதான் அப்படி. கெப்பாசிட்டர் பேனல் அந்த இருபதை முழுசாக ஈடுகட்டுகிறதா என்று சோலார் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சோதனை நாள்

மின்துறை ஆள் வருவதற்கு முந்தின நாள் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். சோலார் முழு வெயிலில் ஓடும்போது மெயின் பிரேக்கரை இறக்குங்கள். சோலார் பெட்டியின் வோல்ட்மீட்டர் 2 வினாடிக்குள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மெயினை ஏற்றிவிட்டு ஸ்டாப்வாட்சைப் பாருங்கள்: ரிலே 60 வினாடி காத்திருந்து கான்டாக்டரை மூடும், அதற்குப் பிறகுதான் இன்வெர்ட்டரின் 60 வினாடி ஆரம்பிக்கும். ஆக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இது தெரியாமல் "கரன்ட் வந்தும் சோலார் வரவில்லை" என்று பதறி இன்வெர்ட்டரை அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணும். மெயினை மறுபடி இறக்கி, ஜெனரேட்டரை ஓடவிட்டு கான்டாக்டர் திறந்தே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிலேயின் எண்களை வெயிலையும் கிரிட்டையும் நம்பிச் சோதிக்க முடியாது, 50.5 ஹெர்ட்ஸ் வரும் என்று உட்கார்ந்திருந்தால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ரிலே டெஸ்ட் கிட் வைத்திருப்பவரை அரை நாள் கூப்பிட்டு, ஒவ்வொரு எல்லையிலும் விலகிய வோல்ட்டையும் கான்டாக்டர் பிரிந்துமுடிந்த நேரத்தையும் அளந்து, கையெழுத்தோடு ஒரு அறிக்கை வாங்கி செட்டிங் தாளுக்குப் பின்னால் குத்துங்கள்.

கடைசியாக இன்வெர்ட்டரின் திரையில் செட்டிங் பக்கங்களைப் படம் எடுத்து, தேதியோடு கோப்பில் சேருங்கள். பாஸ்வேர்டை நிறுவனம் கொடுத்த பழைய எண்ணிலேயே விடாமல் மாற்றி, மாட்டிய பையனிடம் இல்லாமல் முதலாளியிடம் ஒரு உறையில் கொடுத்துவிடுங்கள். செட்டிங் தாளின் ஒரு நகலை லேமினேட் செய்து எல்.டி. பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த வருடம் யாராவது எண்ணை மாற்றியிருந்தால் கதவைத் திறந்ததும் தெரிந்துவிடும்.